பழைய மெயில் பட்டியலை என்ன செய்வது? ஒரு பதிப்பகத்தின் பட்டியலை வைத்து நான்கு வழிகள்

சென்னைப் புத்தகக் காட்சியில் கடை போடும் சிறிய பதிப்பகங்கள் பலவற்றிலும் பில் போடும் மேசையில் ஒரு நீள நோட்டு இருக்கும். "புது புத்தகம் வந்தா சொல்றோம், மெயில் ஐடி எழுதிட்டுப் போங்க" என்பார்கள். வருகிறவரும் கையில் பையை வைத்துக்கொண்டே அவசரமாக எழுதிவிட்டுப் போவார். நான் மெயில் வேலை பார்த்துக் கொடுக்கும் பதிப்பகத்திலும் இப்படி ஏழு ஆண்டு நோட்டுகள் சேர்ந்திருந்தன. அவற்றை எக்செலில் ஏற்றி, இணையக் கடையில் வாங்கியவர்களின் முகவரிகளையும், முன்பு நடத்திய ஒரு விநாடி வினாப் போட்டியில் கலந்துகொண்டவர்களின் முகவரிகளையும் சேர்த்தால் 11,800 வந்தது.

ஆண்டுக்கு ஒரு முறை, ஜனவரி காட்சிக்கு முன்பு மட்டும் இந்தப் பட்டியலுக்கு மெயில் போகும். போன முறை அது பெரும்பாலும் ஸ்பேமில் விழுந்தது. அதனால் இந்த முறை நவம்பரிலேயே உட்கார்ந்து யோசித்தோம். எங்கள் முன் நான்கு வழிகள் இருந்தன. இருக்கிற எல்லாருக்கும் அப்படியே அனுப்புவது முதல் வழி. முகவரிகளைச் சரிபார்த்துத் தரும் கட்டணச் சேவையில் கொடுத்து, தேறியவர்களுக்கு அனுப்புவது இரண்டாவது. "இனியும் அனுப்பலாமா?" என்று எல்லாரையும் கேட்டு, ஆம் என்றவர்களை மட்டும் வைத்துக்கொள்வது மூன்றாவது. பட்டியலை நம்மோடு உள்ள பழக்கத்தின்படி அடுக்காகப் பிரித்து, அண்மையில் வாங்கியவர்களிடம் தொடங்கி மெல்ல விரிப்பது நான்காவது.

முதல் வழி: எல்லாருக்கும் ஒரே நாளில்

இதில் வேலை எதுவும் இல்லை. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பயமாக இருக்கும். எங்கள் பட்டியலில் பத்தில் எட்டு முகவரி ஜிமெயில், அதாவது சுமார் 9,400. தனிப்பட்ட ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரே நாளில் 5,000 மெயிலுக்கு அருகிலோ அதற்கு மேலோ அனுப்புகிறவரைக் கூகுள் மொத்தமாக அனுப்புகிறவர் என்று வகைப்படுத்துகிறது. ஒரு முறை அந்த அளவைத் தொட்டால் போதும், பிறகு அளவைக் குறைத்தாலும் அந்த அடையாளம் போகாது. 2024 பிப்ரவரியிலிருந்து இவர்களுக்கான விதிகள் நடைமுறையில் உள்ளன. மெயில் உண்மையில் நம் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் SPF, DKIM, DMARC என்ற மூன்று ஏற்பாடுகளும் இருக்க வேண்டும். விளம்பர மெயில்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி வேண்டும். ஸ்பேம் புகார் 0.1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 0.3 சதவீதத்தை எட்டவே கூடாது.

0.1 சதவீதம் என்றால் 9,400 மெயிலும் இன்பாக்ஸுக்கே போனாலும் ஒன்பது பேர்தான். பத்தாவது ஆள் 'ஸ்பேம்' பொத்தானை அழுத்தினால் எல்லை தாண்டிவிட்டது. ஓராண்டாகச் சத்தமே இல்லாத ஒரு கடையிலிருந்து திடீரென்று மெயில் வந்தால் "இவங்க யாரு?" என்று பத்து பேர் நினைக்க மாட்டார்களா?

பவுன்ஸ், அதாவது போய்ச் சேராமல் திரும்பி வரும் மெயில், தனிச் சிக்கல். இரண்டு ஆண்டு பயன்படுத்தாத கணக்குகளை நீக்கும் வேலையைக் கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கிவிட்டது. ஆகவே பழைய நோட்டில் இருக்கும் முகவரிகளில் ஒரு பகுதி இன்று உயிரோடு இல்லை. அவற்றுக்கு அனுப்பினால் இப்படித் திரும்பி வரும்:

```
550 5.1.1 The email account that you tried to reach does not exist.
```

இதில் 5 என்று தொடங்குவது நிரந்தரத் தோல்வி. 4 என்று தொடங்கினால் தற்காலிகம், பெட்டி நிரம்பியதாகவோ நாம் வேகமாக அனுப்பியதாகவோ இருக்கலாம். நிரந்தரத் தோல்வியை அன்றைக்கே நீக்க வேண்டும். அனுப்பும் சேவைகளும் இதைக் கவனிக்கின்றன. அமேசானின் மெயில் அனுப்பும் சேவையான SES-இல் பவுன்ஸ் 5 சதவீதத்தை எட்டினால் கணக்கு மறுஆய்வுக்குப் போகும், 10 சதவீதத்தை எட்டினால் அனுப்புவதையே நிறுத்திவைக்கலாம். மாதந்தோறும் விடாமல் அனுப்பி, விலகியவர்களையும் பவுன்ஸ்களையும் அவ்வப்போது நீக்கி வந்த பட்டியல் என்றால் எல்லாருக்கும் அனுப்பலாம். எங்களுடையது அப்படி இல்லை.

இரண்டாவது வழி: சரிபார்ப்புச் சேவை

போன முறை நான் செய்தது இதுதான், அதனால் இதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். பட்டியலை ஏற்றினோம். 1,300 முகவரி 'செல்லாது' என்று வந்தது, நீக்கினோம். மீதி 10,500 பேருக்கு ஒரே நாளில் அனுப்பினோம். பவுன்ஸ் ஒரு சதவீதத்துக்கும் கீழே இருந்தது. பெரிய நிம்மதி. அன்று மாலையே என் சொந்த ஜிமெயிலில் பார்த்தேன், மெயில் ஸ்பேமில் இருந்தது. அனுப்புகிறவருக்குப் புகார் விகிதத்தைக் காட்டும் கூகுளின் Postmaster Tools-இல் அந்த நாளுக்கான புகார் 0.6 சதவீதம் என்று வந்தது.

ஒரு வாரத்தில் இன்னும் மோசமானது. இணையக் கடையிலிருந்து போகும் ரசீது மெயில்களும் அதே டொமைனிலிருந்துதான் போகின்றன. அவையும் ஸ்பேமில் விழத் தொடங்கின. பணம் கட்டியவர்கள் போன் செய்து "மெயிலே வரலையே, ஆர்டர் ஆச்சா இல்லையா?" என்று கேட்டார்கள். ஒரு விளம்பர மெயிலுக்காக, வாங்குகிறவரின் நம்பிக்கையைக் கெடுத்துக்கொண்டோம். அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

எங்கே தவறியது? சரிபார்ப்புச் சேவை பார்ப்பது முகவரியின் வடிவம் சரியா, அந்த டொமைனுக்கு மெயில் சர்வர் இருக்கிறதா, அந்தச் சர்வர் இந்தப் பெயரை ஏற்கிறதா என்ற மூன்றையும்தான். முகவரி உயிரோடு இருக்கிறது என்று அது சொல்லும். அது யாருடையது, அவர் நம்மிடம் கேட்டாரா என்று சொல்லாது. நோட்டுப் பட்டியலில் இதுதான் பெரிய ஓட்டை. ஒருவர் எழுதிய 1 எங்களுக்கு l ஆகத் தெரிந்தது, u எழுதியது v ஆனது. அப்படி மாறிய முகவரியும் பல நேரம் வேறு யாரோ ஒருவருடைய உண்மையான முகவரிதான். ஜிமெயிலில் காலியான பெயர்கள் குறைவு. சரிபார்ப்பில் அது தேறிவிடும். மெயில் போய்ச் சேருவது தமிழே தெரியாத ஒருவரிடம். அவர் விலகும் இணைப்பைத் தேடவா போகிறார்? ஸ்பேம் என்று அழுத்துவார், அவர் பக்கம் அது நியாயமும்கூட.

பழைய நோட்டில் ஸ்பேம் பொறிகளும் இருக்கலாம். சில மெயில் நிறுவனங்களும், ஸ்பேம் அனுப்புகிறவர்களின் தடைப்பட்டியல் நடத்துவோரும் கைவிடப்பட்ட முகவரிகளைச் சில காலம் பவுன்ஸ் ஆக விட்டு, பிறகு திரும்ப உயிர்ப்பித்து வைப்பார்கள். அதற்கு மெயில் வந்தால் அனுப்பியவர் பட்டியலைப் பராமரிக்கவில்லை என்று பொருள். gmail என்பதைத் தவறாக எழுதினால் வரும் டொமைன்களிலும் இப்படிப் பொறி வைக்கலாம். பவுன்ஸ் வராது என்பதால் இவை சரிபார்ப்பில் எளிதில் அகப்படாது.

காசு கொடுக்கும் முன்பே கையால் பிடிக்கக்கூடிய பிழைகளும் உண்டு. ஜிமெயில் பெயரில் அடிக்கோடும் இடைக்கோடும் வராது, ஆறு எழுத்துக்குக் குறைவாகவும் இருக்காது. எக்செலில் அப்படி ஒரு @gmail.com வரிசை தெரிந்தால் அது நாம் தவறாகப் படித்ததுதான். பெயருக்கு நடுவில் வரும் புள்ளியைப் பற்றிக் கவலை வேண்டாம், ஜிமெயில் புள்ளியைக் கணக்கில் எடுப்பதில்லை. இந்த இரண்டு சோதனையில் மட்டும் எங்கள் நோட்டுகளில் 140 முகவரி அகப்பட்டது.

ஆக, சரிபார்ப்புச் சேவை வீண் இல்லை. அது பவுன்ஸுக்கு மருந்து, புகாருக்கு இல்லை. எங்கள் நோய் புகார்.

மூன்றாவது வழி: திரும்பவும் அனுமதி கேட்பது

இது நேர்மையான வழி. "இனியும் அனுப்பலாமா?" என்று ஒரு மெயில், அதில் ஒரு பொத்தான். அழுத்தியவர் இருப்பார், மற்றவர் போவார். மிஞ்சும் பட்டியல் மிகச் சுத்தமாக இருக்கும். ஆனால் இரண்டு குறைகள். முதலில், அந்த மெயிலையே எல்லாருக்கும் அனுப்பியாக வேண்டும், அதனால் முதல் வழியின் ஆபத்து அப்படியே இருக்கிறது. அடுத்து, போன மாதம் வாங்கியவரிடமும் அனுமதி கேட்டால் அவர்களில் பலர் பொத்தானை அழுத்தாமலே விட்டுவிடுவார்கள். விருப்பம் இல்லாமல் இல்லை, கவனிக்காமல். நல்ல வாசகரை வீணாக இழக்கிறோம். யார் எப்போது வாங்கினார், எதைச் சொடுக்கினார் என்ற தகவலே இல்லாத பட்டியலுக்குத்தான் இந்த வழி முழுமையாகப் பொருந்தும்.

நான்காவது வழி: அடுக்கடுக்காக

நாங்கள் எடுத்தது இதுதான். தேவையான இடத்தில் மட்டும் இரண்டாவது வழியையும் மூன்றாவதையும் இதற்குள் வைத்தோம்.

பட்டியலைப் பிரித்தால் இப்படி வந்தது. இணையக் கடையில் வாங்கியவர்கள் 3,900. அவர்களில் ஓராண்டுக்குள் வாங்கியவர்கள் 1,450, அதற்கு முந்தைய ஓராண்டில் 1,100, அதற்கும் பழையவர்கள் 1,350. நோட்டு முகவரிகள் 5,200. அவற்றில் கடைசி இரண்டு காட்சிகளில் வந்தவை 1,600, பழையவை 3,600. விநாடி வினா 2,700.

விநாடி வினாப் பட்டியலை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். அவர்கள் இலவசப் புத்தகத்துக்காக முகவரி கொடுத்தார்கள், செய்தி கேட்கவில்லை. ஒரே ஆள் நான்கு முகவரியில் கலந்துகொண்டதும் தெரிந்தது. பதிப்பக உரிமையாளருக்கு மனம் ஒப்பவில்லை. "இத்தனை பேரையும் தூக்கிடுறியே தம்பி, அதுல நூறு பேராவது வாங்குவாங்கல்ல?" என்றார். "வாங்குவாங்க அண்ணா, ஆனா அந்த நூறு பேருக்காக ரசீது மெயில் திரும்பவும் ஸ்பேமுக்குப் போகலாம்" என்றேன். போன முறை வந்த போன்களை எல்லாம் எடுத்துப் பேசியவர் அவர்தான். சரி என்றார்.

அனுப்பும் முன் ஒரு வேலை இருக்கிறது. நமக்கு நாமே ஒரு மெயிலை ஜிமெயிலுக்கு அனுப்பி, கணினியில் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி Show original என்பதைப் பார்க்க வேண்டும். SPF, DKIM, DMARC மூன்றுக்கும் PASS என்று இருக்க வேண்டும். எங்களுக்கு SPF-உம் DKIM-உம் PASS, DMARC மட்டும் FAIL. காரணம் எளியது. அனுப்பும் சேவை தன் சொந்த டொமைனின் பெயரில் கையெழுத்திட்டிருந்தது, அனுப்புநர் முகவரியில் இருந்ததோ எங்கள் டொமைன். இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் DMARC பார்ப்பது. சேவையின் அமைப்பில் எங்கள் டொமைனைச் சேர்த்து, அது கொடுத்த பதிவுகளை எங்கள் டொமைனின் DNS அமைப்பில் போட்டதும் சரியானது. DMARC பதிவு இவ்வளவுதான்:

```
_dmarc.example.com  TXT  "v=DMARC1; p=none; rua=mailto:dmarc@example.com"
```

@gmail.com முகவரியை அனுப்புநராகப் போட்டு மொத்த மெயில் சேவையில் அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது நிற்காது, சொந்த டொமைன் வேண்டும். ஒரே சொடுக்கில் விலகும் வசதிக்கு மெயிலின் தலைப்பகுதியில் List-Unsubscribe, List-Unsubscribe-Post என்ற இரண்டு வரிகள் இருக்க வேண்டும். அதையும் Show original பக்கத்திலேயே தேடிப் பார்க்கலாம்.

நவம்பர் மூன்றாம் வாரம் ஓராண்டுக்குள் வாங்கிய 1,450 பேருக்கு மட்டும் அனுப்பினோம். அடுத்த வாரம் அவர்களோடு 1,100 பேர். அதற்கடுத்த வாரம் புதிய நோட்டின் 1,600 பேர், இருநூறு முந்நூறாகப் பிரித்து. சிறிய அளவில் அனுப்பும்போது Postmaster Tools-இல் எண் தெரியாமல் போகலாம். அதோடு ஜிமெயில் யார் புகார் செய்தார் என்று தனித்தனியாகச் சொல்வதும் இல்லை. அதனால் நாங்கள் பார்த்தது பவுன்ஸ், விலகல், சொடுக்கு மூன்றையும், கூடவே நண்பர்களின் ஐந்தாறு முகவரிகளில் எந்தப் பெட்டியில் விழுகிறது என்பதையும். திறந்தவர் எண்ணிக்கையை நம்பவில்லை. 2021-இல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பால், அதை இயக்கியவரின் ஆப்பிள் மெயில், அவர் மெயிலைத் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. திறந்ததாகவே கணக்கில் வரும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கூகுள் கணக்கிடும் புகார் விகிதம், இன்பாக்ஸுக்குப் போன மெயில்களை வைத்துத்தான். மெயில்கள் நேராக ஸ்பேமுக்கே போய்விட்டால் புகார் செய்யவும் ஆள் இருக்காது, எண் குறைந்து அழகாகத் தெரியும். போன ஆண்டு இரண்டாம் நாள் புகார் பூஜ்யம் என்று காட்டியதைப் பார்த்து நான் ஏமாந்தேன். புகார் குறைந்து சொடுக்கும் சேர்ந்து குறைந்தால் அது கெட்ட செய்தி.

பழைய வாடிக்கையாளர் 1,350 பேருக்கு அனுமதி கேட்கும் மெயில் மட்டும் போனது. பழைய நோட்டின் 3,600 முகவரிகளை மட்டும் சரிபார்ப்புச் சேவையில் கொடுத்தோம். தேறிய 2,900 பேரிடமும் அனுமதி கேட்டோம், நாளுக்கு 300 என்று. முதல் குழுவில் 190 பேர் ஆம் என்றார்கள், இரண்டாவதில் 160. மற்றவர்களை விட்டுவிட்டோம்.

சப்ஜெக்ட் எவ்வளவு தூரம் உதவும்?

'இலவசம்', 'தள்ளுபடி' என்று எழுதினால் ஸ்பேமுக்குப் போய்விடும் என்று ஒரு பட்டியலே சுற்றுகிறது. ஒரு சொல்லை வைத்து மட்டும் இன்று ஜிமெயில் முடிவெடுப்பதில்லை. அனுப்பும் டொமைனின் நற்பெயரும், பெறுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதும்தான் பெரும்பங்கு. ஆனால் சப்ஜெக்ட் அந்த 'என்ன செய்கிறார்கள்' என்பதை மாற்றுகிறது.

போன ஆண்டு நாங்கள் போட்டது "🔥 50% வரை தள்ளுபடி!!! தவற விடாதீர்கள்". இதைப் பார்த்தால் துணிக்கடையா, போன் கடையா என்று தெரியாது. அனுப்புநர் பெயரும் பதிப்பகத்தின் பெயராக இல்லாமல் உரிமையாளரின் பெயராக இருந்தது. நினைவுக்கு வராத பெயர், எதைப் பற்றி என்று தெரியாத வரி. புகார் வராமல் எப்படி இருக்கும்? இந்த முறை அனுப்புநர் பெயரைப் பதிப்பகத்தின் பெயராக்கி, "ஜனவரிக்கு 7 புது நூல்கள், முன்பதிவு விலையில்" என்று போட்டோம். போனில் சப்ஜெக்டின் முதல் சில சொற்களே தெரியும், அதனால் செய்தி முன்னால் வர வேண்டும். நோட்டுக்காரர்களுக்கு மெயிலின் முதல் வரியே "புத்தகக் காட்சியில் எங்கள் கடையில் நீங்கள் முகவரி எழுதிக் கொடுத்தீர்கள்" என்று இருந்தது. அந்த ஒரு வரி நிறைய புகாரைத் தடுத்தது என்று நான் நம்புகிறேன்.

"Re:" என்று தொடங்கி, பதில் போலக் காட்டும் தந்திரத்தைச் சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். திறப்பு கூடும், ஏமாந்தவரின் கோபமும் கூடும். கூகுளின் வழிகாட்டுதலே இப்படித் தவறாகக் காட்டும் சப்ஜெக்ட் கூடாது என்கிறது.

இரண்டு சப்ஜெக்டை ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்பார்கள். நாங்களும் 700 பேர் வீதம் பிரித்துப் பார்த்தோம். ஒன்றுக்கு 31 சொடுக்கு, மற்றொன்றுக்கு 37. இந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது, இதிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது. சிறிய பட்டியலில் ஒரு முறை சோதித்ததை நம்பாமல், ஒரே வகை சப்ஜெக்டை ஐந்தாறு மெயில் தொடர்ந்து பார்ப்பதுதான் பயன் தரும்.

தமிழில் சப்ஜெக்ட் எழுதுகிறவர்களுக்கு ஒரு தனிக் கவனம். வழக்கமாக மெயிலின் தலைப்பகுதியில் தமிழ் அப்படியே போகாது. 'புது' என்பது இப்படிப் போகும்:

```
Subject: =?UTF-8?B?4K6q4K+B4K6k4K+B?=
```

இப்படிப்பட்ட ஒரு துண்டு 75 எழுத்தைத் தாண்டக் கூடாது, நீளமான சப்ஜெக்ட் பல துண்டாகப் போகும். யாராவது கையால் எழுதிய நிரல் எழுத்தின் நடுவில் வெட்டினால் கட்டமும் கேள்விக்குறியுமாகத் தெரியும், பார்க்கிறவருக்கு அது மோசடி மெயில் போலவே இருக்கும். புதிய கருவியில் முதல் முறை அனுப்பும்போது எண்ணும் இடைவெளியும் கலந்த ஒரு நீளத் தமிழ் சப்ஜெக்டைப் போட்டுச் சோதித்துவிடுங்கள்.

ஜனவரியில் என்ன ஆனது

விலகியவர்களும் பவுன்ஸும் போக, காட்சி தொடங்கும் முன் பட்டியலில் 4,370 பேர் இருந்தார்கள். போன ஆண்டு அனுப்பியதில் பாதிக்கும் குறைவு. Postmaster Tools-இல் எண் தெரிந்த நாட்களில் எல்லாம் புகார் 0.1 சதவீதத்துக்குக் கீழே. மெயில் இணைப்பு வழியாக வந்த முன்பதிவுகள் போன ஆண்டை விட மும்மடங்கு. ரசீது வரவில்லை என்று ஒரு போனும் வரவில்லை. ரசீதுகளை இப்போது தனித் துணை டொமைனுக்கு மாற்றியும் விட்டோம். ஒரே முதன்மை டொமைன் என்பதால் அது முழுப் பாதுகாப்பு இல்லை, ஓரளவு உதவும்.

கடையில் நோட்டு இருந்த இடத்தில் ஒரு கியூஆர் அட்டை வைத்தோம். போனில் ஸ்கேன் செய்து முகவரியை அவரே தட்டச்சு செய்ய வேண்டும், உடனே ஒரு உறுதி மெயில் போகும், அதில் சொடுக்கினால்தான் பட்டியலில் சேரும். நோட்டு காலத்தில் ஒரு காட்சிக்கு எழுநூறு எண்ணூறு பெயர் வந்த இடத்தில் 310 பேர் சேர்ந்தார்கள். போனைத் தட்டத் தயங்கிய பெரியவர்களுக்கு மட்டும் பில் போடும் தம்பி தானே தட்டச்சு செய்து, "சரியா இருக்கா ஐயா, பாருங்க" என்று திரையைத் திருப்பிக் காட்டினான்.